கிணற்று மோட்டாரின் உடைந்த காது: வார்ப்பிரும்பா, சாதா இரும்பா? வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

உசிலை_பேரன் | ஞாயிறு, காலை 9:10

எல்லோருக்கும் வணக்கம். உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் தாத்தா வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். மாட்டுக்கொட்டகையில் ஒரு சாக்கு நிறைய உலோகச் சாமான்கள். பழைய இரும்புக்கடைக்காரர் வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எல்லாம் இரும்புதான், ஒரே விலை" என்றார். நான் கொடுக்கவில்லை.

சாக்கில் இருந்தவை: நல்ல கனமான தோசைக்கல், வெள்ளையாகப் பளபளக்கும் இரண்டு உருளைக் கம்பிகள், முலாம் பூசிய பழைய தண்ணீர்க்குழாய், எவர்சில்வர் மாதிரி ஒரு மூடி, ஒரு குத்துவிளக்கின் மேல்பாகம்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியம் வேறு. கிணற்று மோட்டார் பம்பின் அடியில் போல்ட் மாட்டும் காது உடைந்துவிட்டது. துண்டு கையில் இருக்கிறது, முக்கால் கிலோ கூட வராது. பக்கத்து ஊர் வெல்டிங்காரர், "கொண்டா, பத்து நிமிஷத்துல ஒட்டிரலாம்" என்கிறார். மாமாவோ, "அது வார்ப்பா இருந்தா நிக்காது, பக்கத்துலயே இன்னொரு விரிசல் விடும்" என்கிறார். யார் சொல்வது சரி என்பதற்கு முன்னால் அது என்ன உலோகம் என்று தெரிய வேண்டும்.

என்னிடம் இருப்பவை: பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து எடுத்த வட்டக் காந்தம், 1 கிராம் காட்டும் 5 கிலோ சமையலறைத் தராசு, ஒரு அரம். பக்கத்து வீட்டில் ஆங்கிள் கிரைண்டர் இருக்கிறது. இவற்றை வைத்துச் சொல்ல முடியுமா?

---

சிம்மக்கல்_சரவணன் | ஞாயிறு, காலை 9:34

ரொம்ப சிம்பிள் நண்பா. காந்தம் ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால், மஞ்சளாக இருந்தால் பித்தளை, வெள்ளையாக இருந்தால் அலுமினியம் அல்லது எவர்சில்வர். எவர்சில்வர் மூடியில் காந்தம் ஒட்டினால் அது டூப்ளிகேட், கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் போடுங்கள். பம்புத் துண்டில் ஒட்டும், அப்போது அது இரும்பு. வெல்டிங் செய்யலாம். இதற்கு ஏன் இவ்வளவு யோசனை?

---

கள்ளந்திரி_ராசு | ஞாயிறு, காலை 9:50

துரு போக வேண்டுமானால் புளியைக் கரைத்து ராத்திரி முழுக்க ஊற வையுங்கள். காலையில் தேங்காய் நாரால் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். எங்கள் வீட்டு அரிவாள்மனையை அப்படித்தான் மீட்டேன்.

---

உசிலை_பேரன் | ஞாயிறு, காலை 10:02

ராசு அண்ணே, துரு போவது அப்புறம். என்ன உலோகம் என்பதுதான் கேள்வி. ஆனாலும் நன்றி, தோசைக்கல்லுக்கு உதவும்.

சரவணன் சொன்ன மாதிரி காந்தம் வைத்துப் பார்த்தேன். பம்புத் துண்டு, தோசைக்கல் இரண்டிலும் சப்பென்று ஒட்டியது. வெள்ளைக் கம்பி இரண்டிலும் ஒட்டவில்லை. மூடிதான் குழப்பம்: நடுவில் ஒட்டவில்லை, விளிம்பில் மட்டும் லேசாக இழுக்கிறது. பாதி டூப்ளிகேட்டா?

---

புதூர்_லேத்து | ஞாயிறு, பகல் 12:25

தம்பி, நான் கே.புதூர் தொழிற்பேட்டையில் முப்பது வருடம் லேத்தில் நின்றவன். சரவணன் தம்பி சொன்னதில் பாதி சரி, பாதியை நம்பினால் பம்பு போய்விடும்.

முதலில் மூடி. எவர்சில்வரில் இரண்டு சாதி உண்டு. நிக்கல் கலந்தது காந்தத்துக்கு மசியாது. நிக்கல் இல்லாமல் குரோமியம் மட்டும் உள்ள 430 வகையில் காந்தம் நன்றாகவே ஒட்டும், அதுவும் முறையான எவர்சில்வர்தான். இண்டக்‌ஷன் அடுப்புக்கு வரும் பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டும்படிதான் செய்வார்கள். அதை டூப்ளிகேட் என்று தூக்கிப் போட்டால் நஷ்டம் உங்களுக்கு.

உங்கள் மூடி முதல் சாதி. தகட்டை அழுத்தி, விளிம்பை மடித்து உருட்டும்போது அந்த இடத்தில் மட்டும் உலோகத்தின் உள்ளமைப்பு மாறிக் காந்தத்துக்கு லேசாக மசியும். நடுவில் ஒட்டாமல் விளிம்பில் மட்டும் இழுத்தால் பயப்பட வேண்டாம். இன்னும் தெளிவாகப் பார்க்க, காந்தத்தை ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டு மெதுவாக விளிம்பருகே கொண்டுபோங்கள். கையில் பிடித்தால் தெரியாத இழுப்பும் நூலில் தெரிந்துவிடும். குறிப்பாக, முலாம் பூசிய இரும்பு இப்படி இடம் பார்த்து இழுக்காது. எங்கே வைத்தாலும் ஒரே மாதிரி பிடிக்கும்.

இப்போது பம்பு. காந்தம் ஒட்டியது என்றால் இரும்புக் குடும்பம் என்று மட்டும்தான் தெரியும். வார்ப்பிரும்பிலும் ஒட்டும், சாதா இரும்பிலும் ஒட்டும், உங்கள் அரத்திலும் ஒட்டும். அங்கே காந்தத்தின் வேலை முடிந்தது. அதற்கப்புறம் வேறு மூன்று சோதனை இருக்கிறது: எடை, அரம், கிரைண்டரில் தொட்டால் பறக்கும் பொறி. முதலில் உடைந்த முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். துருப் படியாத இடத்தில் என்ன தெரிகிறது?

---

உசிலை_பேரன் | ஞாயிறு, பகல் 1:05

ஐயா, உடைந்த இடம் சாம்பல் நிறம். கரடுமுரடாக, பொடிச்சர்க்கரை மாதிரி மணிமணியாக இருக்கிறது. வளைந்த அடையாளம் எதுவும் இல்லை. பிஸ்கட் உடைந்த மாதிரி நேராக விட்டிருக்கிறது.

---

புதூர்_லேத்து | ஞாயிறு, பகல் 1:20

அப்போதே எனக்கு முக்கால்வாசி தெரிந்துவிட்டது. சாதா இரும்பு உடைவதற்கு முன் வளையும், இழுபடும். வளையாமல் மணிமணியாக விட்டால் வார்ப்பு. ஆனால் துரு ஏறிய பழைய உடைசலை வைத்து மட்டும் நான் சத்தியம் செய்ய மாட்டேன். அரம் போட்டுப் பாருங்கள். கண்ணுக்குப் படாத மூலையில் பத்துத் தேய்ப்பு போதும். விழுந்த தூளை விரலால் தேயுங்கள்.

---

திருமங்கலம்_வாத்தியார் | ஞாயிறு, மாலை 4:40

தாமதமாக வருகிறேன். நான் பள்ளியில் இயற்பியல் எடுத்தவன். தராசு கையில் இருக்கும்போது எடை பற்றி ஒரு வார்த்தை.

கையில் தூக்கிப் பார்த்து "கனமாக இருக்கிறது" என்று சொல்வது அலுமினியத்துக்கு மட்டும் போதும். ஒரே அளவில் அலுமினியம் இரும்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான். மற்றவற்றுக்குக் கை ஏமாற்றும். அதனால் ஒரு கன செ.மீ. எத்தனை கிராம் என்று பாருங்கள். அலுமினியம் 2.7, வார்ப்பிரும்பு சுமார் 7.2, சாதா இரும்பு 7.85, எவர்சில்வர் 7.9க்கு அருகில், பித்தளை 8.4 அல்லது 8.5. இந்த ஐந்தை மட்டும் மனதில் வைத்தால் போதும்.

கோணல்மாணலான துண்டின் கன அளவை எப்படி எடுப்பது? தராசில் ஒரு வாளி தண்ணீர் வையுங்கள். எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். துண்டை நூலில் கட்டி, முழுவதும் தண்ணீரில் மூழ்கும்படி கையால் பிடித்துத் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் அந்தத் துண்டின் கன செ.மீ. தண்ணீர் துண்டை மேலே தள்ளுகிறது, அதே அளவுக்கு வாளி கீழே அழுந்துகிறது, அதைத்தான் தராசு காட்டுகிறது. காற்றில் எடுத்த எடையை அந்த எண்ணால் வகுத்தால் விடை. ஆர்க்கிமிடீஸை நினைத்துக்கொண்டு செய்யுங்கள்.

---

உசிலை_பேரன் | ஞாயிறு, இரவு 7:15

ஐயா, செய்தேன். பம்புத் துண்டு காற்றில் 640 கிராம். தண்ணீரில் 310 காட்டியது. வகுத்தால் 2.06. அலுமினியத்தைவிட லேசான ஒரு பொருளில் ஸ்பீக்கர் காந்தம் ஒட்டுகிறது! தாத்தா ஏதோ புது உலோகம் கண்டுபிடித்திருக்கிறார்.

---

திருமங்கலம்_வாத்தியார் | ஞாயிறு, இரவு 7:31

துண்டு வாளியின் அடியில் தட்டியிருக்கிறது தம்பி. அடியைத் தொட்ட நொடியில் துண்டின் சொந்த எடையும் தராசில் ஏறிவிடும். அடியிலும் படக்கூடாது, பக்கத்திலும் படக்கூடாது. நூலை ஒரு கரண்டிக் காம்பில் கட்டி, அந்தக் காம்பை வாளிக்கு மேலே கையில் பிடியுங்கள். வாளியின் வாயில் வைத்துவிடாதீர்கள், அதுவும் எடையை ஏற்றும்.

---

மீனா_சமையல் | ஞாயிறு, இரவு 8:05

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே பிரச்சினைதான், ஆனால் தோசைக்கல்லில். இணையத்தில் "வார்ப்பிரும்பு தோசைக்கல்" என்று போட்டிருந்ததை வாங்கினேன். வந்ததைப் பார்த்தால் மெல்லிசாக இருக்கிறது, கைப்பிடி ரிவெட் அடித்து இருக்கிறது. என் மாமியார், "இது பட்டறைத் தகடு, வார்ப்பு இல்ல" என்கிறார். கடைக்காரர், "காந்தம் ஒட்டுதா மேடம்? அப்ப வார்ப்பிரும்புதான்" என்று எழுதியிருக்கிறார். தோசை நன்றாகத்தான் வருகிறது. ஆனால் வார்ப்பு என்று சொல்லி வாங்கிய காசு வருத்தமாக இருக்கிறது.

---

புதூர்_லேத்து | ஞாயிறு, இரவு 8:40

மீனாம்மா, உங்கள் மாமியார் பேச்சைக் கேளுங்கள். ஊற்றிச் செய்த கல் ஓரத்திலிருந்து நடுவரை தடிமனாக இருக்கும். அடிப்பக்கம் மணல் அச்சின் சொரசொரப்பு தெரியும். கைப்பிடியும் பெரும்பாலும் கல்லோடு ஒன்றாகவே ஊற்றியிருப்பார்கள். தகட்டில் வெட்டியது எல்லா இடத்திலும் ஒரே தடிமன், கைப்பிடி தனியாக. சும்மா சொன்னால் நம்ப மாட்டார்கள் என்றால், துணியில் கட்டித் தொங்கவிட்டு ஒரு மரக்கரண்டியால் தட்டுங்கள். தகடு "ணங்" என்று கொஞ்ச நேரம் அதிரும். வார்ப்பு "டொக்" என்று அதோடு அடங்கிவிடும். வார்ப்பில் கரி மெல்லிய தகடுகளாக உள்ளே கிடக்கிறது, அதிர்வை அதுவே விழுங்கிவிடும்.

நம் ஊரில் தலைமுறையாக ஓடும் தோசைக்கல்லில் பாதி சாதா இரும்புத் தட்டுதான். அது குறையில்லை. வார்ப்பு என்று சொல்லி அதை விற்றதுதான் தப்பு.

---

மீனா_சமையல் | ஞாயிறு, இரவு 9:02

தட்டிப் பார்த்தேன். கோயில் மணி மாதிரி "ணங்ங்". மாமியார் சிரித்துக்கொண்டே படுக்கப் போய்விட்டார். கடைக்காரருக்கு ஒலிப்பதிவை அனுப்பியிருக்கிறேன்.

---

உசிலை_பேரன் | திங்கள், காலை 7:20

தட்டிப் பார்க்கும் யோசனை நல்லது. தாத்தா வீட்டுத் தோசைக்கல் "டொக்". அது வார்ப்புதான் போல.

இரவில் தண்ணீர்ச் சோதனையைத் திரும்பச் செய்தேன். கரண்டிக் காம்பைக் கையில் பிடித்து, எங்கும் படாமல் பார்த்துக்கொண்டேன். 640 கிராமுக்கு 93. அதாவது 6.88. வார்ப்பிரும்புக்கும் குறைவு. மறுபடி குழப்பம்.

---

திருமங்கலம்_வாத்தியார் | திங்கள், காலை 7:45

துண்டில் பெயின்டும் துருவும் இருக்கிறதா? துரு இரும்பைவிடக் கணிசமாக லேசு, பெயின்ட் இன்னும் லேசு. அப்புறம் சொரசொரப்பான உடைந்த முகத்தில் காற்றுக்குமிழி ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொரு குமிழியும் கன அளவை ஏற்றிக் காட்டும். கம்பித் தூரிகையால் நன்றாகத் தேயுங்கள். தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் துலக்கும் திரவம் விடுங்கள். துண்டைத் தண்ணீருக்குள்ளேயே ஆட்டிக் குமிழியை விரட்டிவிட்டுப் பாருங்கள்.

---

உசிலை_பேரன் | திங்கள், மாலை 6:50

வேலையிலிருந்து வந்ததும் செய்தேன். தேய்த்த பிறகு காற்றில் 634 கிராம், தண்ணீரில் 88. வகுத்தால் 7.2. வாத்தியார் சொன்ன எண் மாதிரியே வந்துவிட்டது! இது சாதா இரும்பாக இருந்திருந்தால் 81 காட்டியிருக்க வேண்டும். ஏழு கிராம் வித்தியாசம், தராசில் தெளிவாகத் தெரியும்.

அரமும் போட்டேன். தூள் கறுப்பாக, மாவு மாதிரி. விரலில் தேய்த்தால் பென்சில் கரி போல வழுக்கிக்கொண்டு ஒட்டுகிறது. ஜன்னல் கிரில்லின் மிச்சத் துண்டில் அதே அரம் போட்டால் மினுமினுக்கும் துகள்தான் விழுகிறது, விரல் கறுக்கவில்லை.

---

சிம்மக்கல்_சரவணன் | திங்கள், இரவு 7:10

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். துரு பிடித்த சாதா இரும்பும் 7.2 காட்டலாம் இல்லையா? நீங்கள்தானே துரு லேசு என்றீர்கள். பெயின்ட் உள்ளே மிச்சம் இருந்தால்?

---

புதூர்_லேத்து | திங்கள், இரவு 7:38

நல்ல கேள்வி தம்பி. அதனால்தான் ஒரு சோதனையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது என்பேன். இங்கே எடையும் அரமும் உடைந்த முகமும் ஒரே திசையைக் காட்டுகின்றன. துரு எடையைக் குறைக்கும், ஆனால் விரலைக் கறுப்பாக்கும் கரியை எங்கிருந்து கொண்டுவரும்?

வீட்டில் துளை போடும் மெஷின் இருந்தால் அரத்தைவிட அது இன்னும் தெளிவு. 3 மி.மீ. துளைப்பான் ஒன்று போதும். சாதா இரும்பில் சுருள் சுருளாக வரும். வார்ப்பில் சுருள் வராது, கறுப்புப் பொடியும் குறுணையும்தான்.

மிச்சம் இருப்பது பொறி. அது தேவையில்லை என்றாலும் பார்த்துவிடுங்கள், ஒருமுறை பார்த்தால் ஆயுசுக்கும் மறக்காது. ஆனால் முறையாகச் செய்ய வேண்டும். சாயங்கால நிழலில், பின்னால் இருண்ட சுவர் இருக்கும்படி நில்லுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். வைக்கோல் இருக்கும் கொட்டகையில் வேண்டவே வேண்டாம். துண்டை வைஸிலோ கிளாம்பிலோ இறுக்கிக்கொள்ளுங்கள், கையில் பிடிக்காதீர்கள். கிரில் துண்டையும் பக்கத்தில் மாட்டி, அதே கல், அதே அழுத்தத்தில் மாறி மாறித் தொடுங்கள். தனியாக ஒன்றைப் பார்த்துப் பெயர் சொல்ல எனக்கே வராது, ஒப்பிட்டுப் பார்த்தால்தான் வரும்.

---

கோச்சடை_கிரைண்டர் | திங்கள், இரவு 8:15

ஒரு எச்சரிக்கை. அந்த வெள்ளைக் கம்பிகளைச் சாணைக்கல்லில் வைத்துவிடாதீர்கள். நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த வருடம் அலுமினியத்தை இரும்பு தேய்க்கும் கல்லில் தேய்த்தேன். உலோகம் உருகிக் கல்லின் கண்களை அடைத்துவிட்டது. கல் உதற ஆரம்பித்தது, அதோடு சூடு. முதலாளி பார்த்து ஓடிவந்து ஸ்விட்சை அணைத்தார். அப்புறம் ஒரு விஷயம்: அலுமினியத் தூள் படிந்த இடத்தில் இரும்புப் பொறி பறந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. இரண்டையும் ஒரே மூலையில் தேய்க்காதீர்கள்.

அலுமினியத்திலும் பித்தளையிலும் பொறியே வராது. அதைத் தெரிந்துகொள்வதற்காகக் கல்லைக் கெடுக்க வேண்டுமா?

---

உசிலை_பேரன் | செவ்வாய், இரவு 7:30

பக்கத்து வீட்டு அண்ணனோடு சேர்ந்து முற்றத்தில் பார்த்தோம். அம்மா தண்ணீர்க் குடத்தோடு தயாராக நின்றார்.

கிரில் துண்டு: நீளமான, வைக்கோல் மஞ்சள் கோடுகள். எதிர்ச் சுவர்வரை பாய்ந்தன. அங்கங்கே ஒன்றிரண்டு மட்டும் நுனியில் கவையாகப் பிரிந்தன. பம்புத் துண்டு: பாதி தூரம் கூடப் போகவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் மங்கிய சிவப்பு, நுனியில் மஞ்சளாகி, மத்தாப்புக் கடைசியில் உதிர்வது மாதிரி பொடிப்பொடியாக வெடித்தது. இரண்டையும் ஒரே வேளையில் பார்த்தால் சந்தேகமே வரவில்லை.

அப்புறம் ஆசையில் பழைய அரம் ஒன்றின் வாலையும் தொட்டுப் பார்த்தோம். அதிலும் ஏகப்பட்ட வெடிப்பு! அதுவும் வார்ப்பா ஐயா?

---

புதூர்_லேத்து | செவ்வாய், இரவு 8:02

இல்லை. அங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுவார்கள். பொறி வெடிப்பது உள்ளே இருக்கும் கரியால். கிரில் பட்டையில் கரி நூற்றுக்குக் கால் பங்குகூட இருக்காது, அதனால் கோடு மட்டும். அரம் கரி கூடின எஃகு, அதனால் வெடிக்கும். ஆனால் அரத்தின் பொறி நீளமாக, வெள்ளையாக, வேரிலிருந்தே கிளைவிட்டு வெடிக்கும். வார்ப்பின் பொறி குட்டையாக, சிவந்து, நுனியில்தான் வெடிக்கும். வெடிப்பை மட்டும் எண்ணாதீர்கள், நீளத்தையும் கல்லருகே இருக்கும் நிறத்தையும் பாருங்கள். லாரிப் பட்டை ஸ்பிரிங்கும் அரம் மாதிரிதான், எத்தனையோ பேர் அதை வார்ப்பு என்று ஏமாந்திருக்கிறார்கள்.

எவர்சில்வர் பொறி கொஞ்சம் ஆரஞ்சு கலந்து, சாதா இரும்பைவிடக் குட்டையாக, வெடிப்பு குறைவாக இருக்கும். 304க்கும் அதைவிட மலிவான 202க்கும் பொறியில் வித்தியாசம் சொல்வார்கள், நான் அதை நம்பிக் காசு கொடுக்க மாட்டேன். காந்தமும் அதைப் பிரித்துச் சொல்லாது, எடையும் சொல்லாது.

பம்புத் துண்டு வார்ப்புதான். மாமா சொன்னதே சரி. வெல்டிங்காரரிடம் சாதா ராடு போட வேண்டாம் என்று சொல்லுங்கள். சூடு பட்ட ஓரம் கண்ணாடி மாதிரி கெட்டியாகி, ஆறும்போது "டிக்" என்று ஒரு சத்தம் வரும். அதுதான் புது விரிசல். வார்ப்புக்கு நிக்கல் ராடு வேண்டும், துண்டை முன்னாலேயே சூடுபடுத்த வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டி, சாம்பலிலோ மணலிலோ மூடி மெதுவாக ஆறவிட வேண்டும். பித்தளை வைத்து ஒட்டுகிறவரும் இருப்பார், காதுக்கு அது போதும். இவையெல்லாம் இல்லாவிட்டால் தடிமனான இரும்புப் பட்டையில் துளைபோட்டு, உடைந்த இடத்தைத் தாண்டி போல்ட் மாட்டி இறுக்கிவிடுங்கள். எங்கள் பட்டறையில் பாதி பம்பு அப்படித்தான் ஓடுகிறது.

---

உசிலை_பேரன் | புதன், காலை 8:10

நன்றி ஐயா. வெல்டிங்காரரிடம் கேட்டேன், நிக்கல் ராடு கையில் இல்லை என்று சொல்லிவிட்டார். அதனால் பட்டை போல்ட் யோசனைதான்.

சாக்கின் மிச்சத்தையும் பார்த்தேன். வெள்ளைக் கம்பிகள் இரண்டும் ஒரே அளவு, 25 மி.மீ. குறுக்கு, 10 செ.மீ. நீளம். கண்ணுக்கு ஒரே மாதிரிதான். ஒன்று 133 கிராம், இன்னொன்று 389. முதலாவது அலுமினியம், இரண்டாவது எவர்சில்வர் என்று தண்ணீர் இல்லாமலே தெரிந்தது.

குழாயின் முலாமை அரத்தால் கொஞ்சம் சுரண்டினேன். உடம்பு மஞ்சள். 236 கிராமுக்கு தண்ணீரில் 28, அதாவது 8.4. பித்தளை. ஆனால் திருகும் கைப்பிடி சுரண்டினால் மஞ்சள் இல்லை, மங்கிய சாம்பல் வெள்ளை. 74 கிராமுக்கு 11, அதாவது 6.7. காந்தம் ஒட்டவில்லை. இது என்ன?

---

கோச்சடை_கிரைண்டர் | புதன், காலை 8:40

பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் அச்சு வார்த்தது. குழாய்க் கைப்பிடியில் நிறைய வரும். இரும்புக்கடைக்குக் கொடுக்கும்போது பித்தளையோடு சேர்த்துப் போட்டால் அவர்களே தட்டிக் கழற்றிவிடுவார்கள், நீங்கள் கழற்றியே கொடுங்கள்.

---

திருமங்கலம்_வாத்தியார் | புதன், காலை 9:15

சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் 11 கிராம் என்பது 10.5 ஆகவும் இருக்கலாம், 11.5 ஆகவும் இருக்கலாம். 1 கிராம் தராசில் அவ்வளவுதான் முடியும். விடை 6.4 முதல் 7.0 வரை எங்கும் இருக்கலாம். சின்னத் துண்டுக்குப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண்ணை ரொம்ப நம்ப வேண்டாம்.

---

சிம்மக்கல்_சரவணன் | புதன், பகல் 1:30

தப்பை ஈடுகட்ட ஒரு வித்தை. பழைய கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஒரு காந்தம் எடுத்தேன், ரொம்பப் பலமானது. தடிமனான அலுமினியத் தகட்டைச் சாய்த்து வைத்து அதன் மேல் விட்டால், தேனில் இறங்குகிற மாதிரி மெதுவாக இறங்குகிறது. ஒட்டவில்லை, ஆனால் தயங்குகிறது. எவர்சில்வர் தட்டில் விட்டால் சட்டென்று விழுந்துவிடுகிறது. வாத்தியார் ஐயா, இது ஏன்?

---

திருமங்கலம்_வாத்தியார் | புதன், மாலை 5:05

காந்தம் நகரும்போது அலுமினியத்துக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அது காந்தத்தைப் பிடித்து இழுக்கும். எவர்சில்வர் மின்சாரத்தை மிக மோசமாகக் கடத்தும், அதனால் தடை இல்லை. பித்தளையில் இரண்டுக்கும் நடுவே இருக்கும். மெல்லிய தகட்டில் தெரியாது, தடிமன் வேண்டும். நல்ல வேலை தம்பி. கையை இரண்டு காந்தத்துக்கும் நடுவில் கொடுத்துவிடாதீர்கள்.

---

உசிலை_பேரன் | வியாழன், இரவு 9:20

கடைசியாக ஒன்று. குத்துவிளக்கு மேல்பாகம். மஞ்சள்தான், அரம் போட்ட இடமும் மஞ்சள். ஆனால் நூலில் கட்டிய காந்தம் கழுத்துப் பக்கம் லேசாக நகர்கிறது. 412 கிராம், தண்ணீரில் 51. அதாவது 8.1. பித்தளைக்குக் குறைவு, இரும்புக்கு அதிகம்.

---

புதூர்_லேத்து | வியாழன், இரவு 9:45

பாகம் பாகமாகத் திருகிச் சேர்த்த விளக்காக இருந்தால், உள்ளே இரும்புத் திருகுக்கம்பி வைத்திருக்கலாம். காந்தம் கழுத்தில் மட்டும் இழுப்பது அதனால்தான் இருக்கும். ஆனால் ஒரு சின்னக் கம்பி எடையை 8.1 வரை இறக்காது. வார்க்கும்போது உள்ளே வெற்றிடம் நின்றிருக்கலாம், இல்லையென்றால் திருகு இடுக்கில் காற்று அடைபட்டிருக்கலாம். கழற்ற முடிகிறதா பாருங்கள். இறுகியிருந்தால் சுடாதீர்கள், தட்டாதீர்கள், எண்ணெய் விட்டு இரண்டு நாள் வையுங்கள்.

---

மீனா_சமையல் | வியாழன், இரவு 10:02

கடைக்காரர் பதில் போட்டுவிட்டார். "ஒலி வருவது தரத்தின் அடையாளம் மேடம்" என்கிறார்.

---

உசிலை_பேரன் | சனி, காலை 11:30

பம்புக்கு 8 மி.மீ. பட்டை வெட்டி நான்கு போல்ட் போட்டு இறுக்கியாகிவிட்டது. அரை மணி நேரம் ஓடியது, ஆடவில்லை. பக்கத்தில் புது விரிசல் எதுவும் இல்லை. விளக்கின் கழுத்தில் எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன், இன்னும் அசையவில்லை. அம்மா அதை விற்க வேண்டாம் என்று எடுத்துப் பூஜை அறையில் வைத்துவிட்டார்.